முத்திரை சொல்லாததை விற்பவர் சொல்ல வேண்டும்

விளையாட்டுச் சாமான் விற்பவர்களிடத்திலும் அதை வாங்குகிற தாய் தந்தையரிடத்திலும் ஒருங்கே வேரூன்றிவிட்ட ஓர் அபிப்பிராயம் உண்டு. பெட்டியின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறது, சர்க்கார் சோதித்துச் சம்மதம் கொடுத்தாகிவிட்டது, ஆகையால் பொருளைப் பற்றி விற்பவர் எழுதும் நாலு வரி வெறும் அலங்காரம், படமும் விலையும் இருந்தால் போதும், மற்றதைப் பெற்றோர் பார்த்துக்கொள்வார்கள் என்பதே அது. ஒரகடம் கூட்டுரோட்டில் மாலை வேளையில் தார்ப்பாய் விரித்துப் பொம்மை பரப்புகிறவரும், வடக்குப்பட்டில் வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் படம் போட்டு அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு விற்கிற அம்மாளும், சென்னையின் பெரிய கடைக்காரரும் இவ்வொரு விஷயத்தில் ஒரே மதத்தினர். வாங்குகிறவர்களும் அதே மதத்தினராக இருப்பதால் ஆக்ஷேபணை எழுப்ப ஆளில்லை. அந்த ஆக்ஷேபணையை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் முத்திரைக்கு உரிய மரியாதையைச் செலுத்திவிடுவோம். அது வீணாக வந்ததன்று. இந்தியத் தரக் குழுமம் தலைநகர வட்டாரத்துச் சந்தையிலிருந்து 121 வகை விளையாட்டுச் சாமான்களை வாங்கிச் சோதிக்க ஏற்பாடு செய்தபோது, இறக்குமதியானவற்றில் 66.90 சதவீதம் தேறவில்லை என்று 2019ஆம் ஆண்டில் அறிவித்தது. அதன் பிறகே, 2020 பிப்ரவரியில் மத்திய அரசு விளையாட்டுச் சாமான்களுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையைப் பிறப்பித்தது. 2021 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கென்று செய்யப்படும் எதுவும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் உரிமம் பெற்று, அதன் முத்திரையோடுதான் விற்கப்பட வேண்டும் என்பது அவ்வாணையின் சாரம். இதனால் நன்மை விளைந்ததில்லை என்று நான் சொல்லவில்லை. முத்திரை எதற்குச் சாட்சி சொல்கிறது, எதற்குச் சொல்லவில்லை என்பதைப் பிரித்தறியாமல், அதையே சகலத்துக்கும் பிரமாணமாகக் கொள்வதைத்தான் மறுக்கிறேன்.

முத்திரை என்பது, 'இந்தப் பொருள் எந்தக் குழந்தையின் கையிலும் ஆபத்தற்றது' என்னும் பிரகடனமன்று. 'இந்தப் பொருள், எந்த வயதுக்கென்று இது தரம் பிரிக்கப்பட்டதோ, அந்த வயதுக்குரிய சோதனைகளில் தேறியது' என்பதே அதன் உண்மையான பொருள். விளையாட்டுச் சாமான்களுக்கான இந்தியத் தரமாகிய ஐ.எஸ். 9873, வயதை அடிப்படையாகக் கொண்டே தன் சோதனைகளை வகுத்திருக்கிறது. மூன்று வயது நிரம்பாத குழந்தைக்கு உரியது என்று ஒரு சாமான் கொள்ளப்பட்டால், அதை உயரத்திலிருந்து போட்டுப் பார்ப்பார்கள். அதன் கண்ணையும் மூக்கையும் சக்கரத்தையும் பிடித்துத் திருகுவார்கள், இழுப்பார்கள், நசுக்குவார்கள். அவ்வளவுக்கும் பிறகு உடைந்து விழும் எந்தத் துண்டும் ஒரு குறிப்பிட்ட உருளைக்குள் அடங்கிவிடக் கூடாது. அதே சாமான் மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று கொள்ளப்பட்டால், சிறு துண்டுகள் கூடவே கூடாது என்னும் விதி விலகி, எச்சரிக்கை வாசகம் இருந்தால் போதும் என்னும் நிலை வந்துவிடும். பட்டாணி அளவுள்ள மணிகள் ஐம்பது அடங்கிய பெட்டி, மூன்று வயதுக்கு மேல் என்று அச்சிட்டு, முத்திரையும் சட்டப்படி பெற்று, முற்றிலும் நியாயமாகக் கடைக்கு வரலாம். இப்போது விற்பவர், பெட்டியில் உள்ள அந்த 'மூன்று வயதுக்கு மேல்' என்பதை விட்டுவிட்டு, 'எல்லா வயதுக் குழந்தைகளுக்கும்' என்று தம் குறிப்பில் எழுதினாரானால், அந்தக் கணத்திலேயே முத்திரையின் சாட்சியம் செல்லாததாகிவிடுகிறது. முத்திரை அழியவில்லை; பெட்டி மாறவில்லை; ஆனால் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பொறுத்தவரை அப்பொருள் சோதிக்கப்படாத பொருளே. ஆகவே விற்பவரின் வாசகம் முத்திரைக்கு மேல் ஒட்டிய அலங்காரமன்று; முத்திரைக்கு அர்த்தம் கொடுப்பதோ அதைக் கெடுப்பதோ அந்த வாசகம்தான்.

இவ்விடத்தில் ஒரு பெருந்தவறான எண்ணம் குறுக்கிடுகிறது. பெட்டியில் அச்சிட்ட வயது, குழந்தையின் புத்திக் கூர்மைக்கு அளவுகோல் என்று நம்மவர்களில் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். 'எங்கள் பிள்ளை இரண்டு வயதிலேயே நாலு வயதுப் பிள்ளைபோலப் பேசுகிறான், அவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி' என்று பெருமிதத்தோடு சொல்லி, மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானதை வாங்கிப் போகிற தகப்பனாரைக் கடைக்காரர் தடுப்பதில்லை. 'ஆமாம் சார், இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்' என்று தலையாட்டி உற்சாகப்படுத்துகிறார். ஏழு வயது, பத்து வயது என்னும் குறிப்புகளில் அறிவுத் திறனுக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று என்னும் எல்லை மூளையைப் பார்த்துப் போட்டதன்று. தொண்டையைப் பார்த்துப் போட்டது. அந்த வயதுக்குள் குழந்தை எதையும் வாயில் வைத்தே அறிகிறது. அதன் மூச்சுக்குழல் குறுகியது. இருமி வெளித்தள்ளும் வலிமை குறைவு. அரைத்து மெல்லும் கடைவாய்ப் பற்கள் அப்போதுதான் ஒவ்வொன்றாக முளைத்து வருகின்றன. எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையானாலும் அவனுடைய மூச்சுக்குழல் அவனுடைய கெட்டிக்காரத்தனத்துக்கு ஏற்றபடி விரிந்துகொடுக்காது.

நான் மேலே சொன்ன உருளை, 31.7 மில்லிமீட்டர் குறுக்களவும், சாய்ந்த அடித்தளமும், ஒரு பக்கம் 25.4 மில்லிமீட்டரும் மறுபக்கம் 57.1 மில்லிமீட்டரும் ஆழமும் உள்ள ஒரு சிறு கருவி. அழுத்தாமல், எந்த வாக்கில் போட்டாலும், அதற்குள் முழுவதும் அடங்கிவிடும் பொருள் 'சிறு பாகம்'. இக்கருவி இந்த வட்டாரத்து மக்களுக்கு விளங்காத மர்மமன்று. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை உள்ள தொழிற்சாலைகளில் தினந்தோறும் பயன்படும் 'கோ – நோ கோ' கேஜ் எதுவோ, அதுவே இது. உள்ளே போனால் ஒரு தீர்ப்பு, போகாவிட்டால் மறு தீர்ப்பு, இடையில் விவாதத்துக்கு இடமில்லை. கம்பெனியில் ஒரு போல்ட்டின் தலை அரை மில்லிமீட்டர் தடித்தால் முழு லாட்டையும் சிவப்புத் தொட்டியில் தள்ளுகிறவர், பேக்கிங் லிஸ்ட் இல்லாத அட்டைப்பெட்டியை இன்வேர்டில் இறக்கவே விடாதவர், ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் தம் குழந்தைக்கு வாங்கும் பெட்டியை மட்டும் படத்தை நம்பி வாங்குகிறார். அவருக்கு அறிவில்லை என்று அர்த்தமன்று. கேட்பதற்கு உரிய விஷயம் இதிலும் உண்டு என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவர் விற்பவர்.

இனி ஓர் உதாரணத்தைக் கற்பித்துக்கொண்டு, வாசகத்தின் தாரதம்மியத்தைப் பிரத்தியட்சமாகப் பார்ப்போம். கைப்பேசியில் இப்படி ஒரு விற்பனைக் குறிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: '32 பீஸ் சமையல் செட், லைட் மியூசிக் அடுப்புடன், 100 சதவீதம் நான்-டாக்ஸிக், எல்லா வயதுக் குழந்தைகளுக்கும், பர்த்டே கிஃப்ட்டுக்கு ஏற்றது, ஐ.எஸ்.ஐ. உண்டு.' படத்தில் ஒரு பெரிய மேஜையும், அதன்மேல் அடுப்பும், பக்கத்தில் சிரித்த முகமாய் ஒரு குழந்தையும் நிற்கின்றன. பெட்டியைத் திறந்தால் அடுப்பு ஒன்று, சட்டி இரண்டு, மூடி இரண்டு, கரண்டி மூன்று, தட்டு நான்கு, கப் இரண்டு, காய்கறி ஆறு, பட்டாணி நான்கு. இவ்வளவும் சேர்ந்து இருபத்துநான்கு. எஞ்சிய எட்டும் அடுப்பின்மேல் ஒட்டுகிற ஸ்டிக்கர்கள். மேஜை படத்துக்கு மட்டும் வந்தது. பெட்டியின் ஒரு மூலையில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், 'மூன்று வயதுக்கு மேல். சிறு பாகங்கள் உண்டு' என்று இருக்கிறது.

இக்குறிப்பில் பொய் என்று கையைப் பிடித்து நிறுத்தத் தக்க வாக்கியம் எத்தனை என்று கேட்டால், விற்பவர் 'ஒன்றுமில்லை' என்பார். ஸ்டிக்கரும் ஒரு பீஸ்தானே என்பார். எல்லாக் குழந்தைகளும் ஆசைப்படத்தானே செய்கிறார்கள் என்பார். ஆனால் வாங்குகிறவர் மனத்தில் அக்குறிப்பு எழுப்பும் சித்திரம் முழுவதும் பொய். இதே பெட்டிக்கு யோக்கியமான குறிப்பு எப்படி இருக்கும்? 'பிளாஸ்டிக் சமையல் செட், மூன்று வயது நிரம்பியவர்களுக்கு. அடுப்பு ஓர் உள்ளங்கை அகலம், மேஜை கிடையாது. இருபத்துநான்கு சாமான்கள், எட்டு ஸ்டிக்கர்கள். பட்டாணி நான்கும் பன்னிரண்டு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டைகள். மூன்று வயது நிரம்பாத குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மூத்தது விளையாடி முடித்ததும் நான்கையும் எண்ணி எடுத்து வைக்கவும். அடுப்பில் மூன்று பொத்தான் பேட்டரிகள் உள்ளன. மூடி திருகாணியால் முடுக்கப்பட்டிருக்கிறது. திருகாணி இல்லாமல் வந்தால் குழந்தையிடம் கொடுக்காமல் திருப்பி அனுப்பவும். உரிம எண் பெட்டியின் அடிப்பக்கத்தில் உள்ளது. அதன் படம் கீழே.' வெறும் பதினொரு வாக்கியங்கள். இவற்றை எழுத ஆய்வுக்கூடம் வேண்டாம். பெட்டியை ஒருமுறை திறந்து, எண்ணி, ஓர் அளவுகோலை வைத்துப் பார்த்தால் போதும்.

பொத்தான் பேட்டரியைப் பற்றி எழுதியது மிகை என்று யாரேனும் நினைக்கக்கூடும். ஆகையால் அதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். விழுங்கப்பட்ட பேட்டரி ஒழுகினால்தான் ஆபத்து என்பது பொதுவான எண்ணம்; அது தவறு. ஈரமான உணவுக்குழாயின் சுவரில் அது சிக்கிக்கொண்டதும் மின்னோட்டம் தசையின் வழியே பாய்கிறது. எதிர்மின் முனையை ஒட்டிக் கடுங்காரம் உண்டாகிறது. அந்தக் காரமே தசையை எரிக்கிறது. 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் வில்லைகள் சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் உண்டாகிவிடும். குழந்தை சொல்லத் தெரியாமல் எச்சில் ஒழுக்கிக்கொண்டும் சாப்பிட மறுத்துக்கொண்டும் இருக்கையில், பெட்டிக்குள் அத்தகைய பேட்டரி இருந்தது என்பதே தாய்க்குத் தெரியாவிட்டால், சளி என்றும் தொண்டைக் கட்டு என்றும் அந்த இரண்டு மணி நேரமும் கழிந்துவிடும். 'பேட்டரி உள்ளடக்கம்' என்று வசதியைப்போல எழுதுவதற்கும், எந்தப் பேட்டரி, எத்தனை, எங்கே என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு பெரிது.

அடுத்து, 'நான்-டாக்ஸிக்' என்னும் அந்தச் சர்வரோக நிவாரணிச் சொல். எதற்கு எதிராக நஞ்சற்றது, எந்த அளவுக்குக் கீழ், எவர் சோதித்து என்று சொல்லாதவரை அச்சொல்லுக்கு எந்த மதிப்பும் கிடையாது. தரமோ மிகத் தெளிவாகப் பேசுகிறது. ஆன்டிமனி, ஆர்செனிக், பேரியம், காட்மியம், குரோமியம், ஈயம், பாதரசம், செலீனியம் என்னும் எட்டு மூலகங்களைப் பெயர் சொல்லி நிறுத்தி, இரைப்பையின் அமிலத்தை ஒத்த நீர்த்த அமிலத்தில், உடல் வெப்பமாகிய 37 பாகையில் பொருளின் துகளை இட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு கரைந்து வருகிறது என்று பார்க்கிறது. ஈயமானால் ஒரு கிலோகிராம் பொருளுக்கு 90 மில்லிகிராமுக்கு மேல் கரைந்து வரக் கூடாது. இதைத் தவிர, பிளாஸ்டிக்கை மெத்தென்று ஆக்கச் சேர்க்கும் தாலேட்டு எண்ணெய்களுக்கும் வேறொரு பகுதியில் வரம்பு வகுத்திருக்கிறது. இவை எல்லாம் மூக்குக்கும் கண்ணுக்கும் புலப்படாதவை. வாசனை இல்லை என்பதால் ஈயம் இல்லை என்று ஆகாது. பளபளப்பான மஞ்சளும் சிவப்பும் ஈயக் குரோமேட்டினால் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம்.

இங்கே 'மரச் சாமான் என்றால் இயற்கை; இயற்கை என்றால் பத்திரம்' என்னும் நாகரிகமான மூடநம்பிக்கையையும் கவனிக்க வேண்டும். பிளாஸ்டிக்கின்மீது வெறுப்புக்கொண்ட படித்த பெற்றோரிடம் இது வேகமாகப் பரவிவருகிறது. விற்பவர்களும் அதற்கேற்ற பாஷையைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். குழந்தை நக்குவது மரத்தையன்று, மரத்தின்மேல் உள்ள பூச்சை. வீட்டுச் சுவருக்கும் அலங்காரத்துக்கும் விற்கும் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்னும் மத்திய அரசின் விதி 2017 நவம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. ஆனால் அந்த விதி தொழிற்சாலைப் பயன்பாட்டுப் பெயின்ட்டுகளைத் தொடவில்லை. பட்டறையில் மிச்சமிருந்த அந்த டப்பாவிலிருந்து ஒரு மரக் குதிரைக்கு வர்ணம் தீட்டப்பட்டதா என்பது குதிரையைப் பார்த்தால் தெரியாது. இது சிறு பட்டறைக்கு மட்டும் உரிய குறையுமன்று. 2007 ஆகஸ்டில் மாட்டெல் என்னும் அமெரிக்கப் பெருநிறுவனம், சீனத்தில் தனக்குச் செய்துகொடுத்த ஒப்பந்ததாரர் அனுமதிக்கப்படாத வர்ணத்தைப் பயன்படுத்தியதால், ஏறத்தாழ 15 லட்சம் சாமான்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. அத்தனை சோதனைச் சாலைகளைத் தன் வசம் வைத்திருந்த நிறுவனத்துக்கே பூச்சின் மூலம் தெரியாமல் போகுமானால், 'இயற்கையானது' என்னும் ஒற்றைச் சொல்லை நம்பிப் பெற்றோர் எப்படி அமைதியடைவது?

நம்முடைய கைத்தொழிலாளர் செய்யும் பொம்மைகளைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கைவினைத் துறையில் பதிவு பெற்ற கைவினைஞர் செய்து விற்பவையும், புவிசார் குறியீட்டுக்கு உரியவர்கள் அவ்வகையில் செய்து விற்பவையும் மேற்படி ஆணையிலிருந்து விலக்கப்பட்டிருக்கின்றன. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை அத்தகைய குறியீடு பெற்றது. அவ்விலக்கு நியாயமானதே, ஒவ்வொரு வகைக்கும் சோதனைக் கட்டணம் கட்டச் சொன்னால் கடைசல் பட்டறைகள் மூடிப்போகும். ஆனால் முத்திரையே போதும் என்பவர்களின் வாதம் இந்த இடத்தில் தானாகவே இடிந்துவிழுகிறது. ஏனென்றால் இங்கே முத்திரையே கிடையாது, விற்பவரின் வாய்மொழி ஒன்றுதான் பிரமாணம். அப்படியிருக்க, 'பாரம்பரியப் பொம்மை' என்று மட்டும் எழுதி நிறுத்துவது கைவினைஞருக்குச் செய்யும் உபகாரமன்று. இன்ன மரம், கடைசலில் ஏற்றிய அரக்கு, அரக்கில் கலந்த சாயம் தாவரச் சாயமா கடைச் சாயமா, இன்ன ஊரில் இன்னார் பட்டறையில் செய்தது, கொலுவில் வைப்பதற்கா குழந்தை கடிப்பதற்கா என்று எழுதினால், நல்ல சாயம் சேர்க்கும் கைவினைஞருக்கு அதுவே முத்திரை. அப்படி எழுதாதபோது, நல்ல சாயம் சேர்த்தவரும் கெட்ட சாயம் சேர்த்தவரும் ஒரே விலைக்கு ஒரே பெயரில் விற்கிறார்கள்.

இனி எதிர்த்தரப்பாரின் ஆக்ஷேபணைகளுக்கு வருவோம். 'நாங்கள் சின்ன வியாபாரிகள். மொத்தக் கடையில் வாங்கி இருபது ரூபாய் லாபத்துக்கு விற்கிறோம். ஆன்டிமனியையும் தாலேட்டையும் நாங்கள் எங்கே கண்டோம்?' என்பது முதலாவது. இதில் பரிதாபம் உண்டு, நியாயம் இல்லை. சோதித்துச் சொல்லும்படி யாரும் அவர்களைக் கேட்கவில்லை. பெட்டியில் இருப்பதை மறைக்காமல் எடுத்துச் சொல்லவும், பெட்டியில் இல்லாததைத் தாமாகச் சேர்க்காமல் இருக்கவுமே கேட்கிறோம். சட்டமும் அதையே கேட்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தயாரிப்பாளர் கொடுத்த எச்சரிக்கையையும் உபயோகக் குறிப்பையும் வாங்குகிறவரிடம் சேர்ப்பிக்காத விற்பனையாளர், அதனால் விளையும் தீங்குக்குத் தாமே பொறுப்பாவார் என்று 86ஆம் பிரிவில் சொல்கிறது. தயாரிப்பாளர் கொடுக்காத உத்தரவாதத்தைத் தாமாகக் கொடுத்து, பொருள் அதற்கு ஒத்துவராமற்போனாலும் பொறுப்பு அவரையே சாரும். ஆகவே '100 சதவீதம் நான்-டாக்ஸிக்' என்று பெட்டியில் இல்லாததை எழுதுகிறவர், விற்பனையைப் பெருக்கிக்கொள்ளவில்லை. ஆபத்தை விலைக்கு வாங்கித் தம் தலைமேல் ஏற்றிக்கொள்கிறார். முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அதே சட்டத்தில் தவறான விளம்பரத்தின் இலக்கணத்துக்குள் அடங்கும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதிலும் விதி மௌனமாக இல்லை. பொட்டலப் பொருள்கள் பற்றிய 2011ஆம் ஆண்டின் விதிகள், ஒரு பொட்டலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் இருந்தால் ஒவ்வொன்றின் பெயரையும் எண்ணிக்கையையும் மேலே குறிக்க வேண்டும் என்கின்றன. இணையத்தில் விற்கும்போது, தயாரித்த மாதம், வருஷம் நீங்கலாக, மற்ற விவரங்களை வாங்குவதற்கு முன்பே காட்ட வேண்டும் என்பதும் 2018 முதல் நடைமுறையில் உள்ளது. '32 பீஸ்' என்று கூட்டுத் தொகையைப் போட்டு ஸ்டிக்கரை அதில் ஒளித்துவைப்பது, வழக்கமாகிவிட்டதால் மட்டும் வியாபார தர்மமாகிவிடாது. பெரிய இணைய நிறுவனங்களில் வாங்கினால் இந்தக் கவலைகள் இல்லை என்று நினைப்பதற்கும் ஆதாரமில்லை. 2025 மார்ச்சில் தர நிர்ணய அமைவனத்தின் சென்னை அதிகாரிகள் திருவள்ளூர் மாவட்டம் புதுவாயலில் அத்தகைய பெருநிறுவனம் ஒன்றின் கிடங்கைச் சோதித்து, முறையான சான்று இல்லாத 3,376 பொருள்களைக் கைப்பற்றினார்கள். அவற்றில் விளையாட்டுச் சாமான்களும் இருந்தன.

இரண்டாவது ஆக்ஷேபணை சற்றே கனமானது. 'குழந்தையைக் கவனிப்பது பெற்றோர் கடமை. எவ்வளவு எழுதினாலும் கவனியாத வீட்டில் விபத்து நடக்கத்தான் செய்யும். பொறுப்பை வியாபாரியின் தலையில் கட்டுவது அநியாயம்' என்கிறார்கள். கவனிப்பது பெற்றோர் கடமை என்பதில் இரண்டாம் அபிப்பிராயம் இல்லை. ஆனால் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியாதவரை எப்படிக் கவனிப்பார்கள்? இந்த வட்டாரத்துக் குடும்பங்களின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். தகப்பன் ஒரு ஷிப்டிலும் தாய் மற்றொரு ஷிப்டிலும் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். ஒரே அறை வீட்டில் ஆறு வயது அண்ணனும் ஒரு வயதுத் தங்கையும் ஒரே பாயில் விளையாடுகிறார்கள். பார்த்துக்கொள்வது ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி. அண்ணனுக்கு ஏற்ற சாமானே தங்கைக்கு ஆபத்து என்பதைப் பாட்டிக்குச் சொல்லக்கூடிய வாசகம் பெட்டியில் எந்தப் பாஷையில் இருக்கிறது? ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ விவரங்களை அச்சிட்டால் போதும் என்று பொட்டலப் பொருள்கள் விதி அனுமதிக்கிறது. வேறு பாஷையைச் சேர்ப்பது அச்சிடுகிறவரின் விருப்பம். வட்டத்துக்குள் 0–3 என்று போட்டுக் குறுக்கே கோடிழுத்த குழந்தை முகம் ஒன்றுதான் பாட்டி படிக்கக்கூடிய எழுத்து. அதற்கும் அர்த்தம் யாரேனும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். ஆகையால் அந்த வீட்டுக்குத் தமிழில் போய்ச் சேரக்கூடிய ஒரே எச்சரிக்கை விற்பவர் எழுதுவதுதான். அதையும் அவர் எழுதாமல் விட்டுவிட்டு, விபத்துக்குப் பின் பாட்டியின் கவனக் குறைவைப் பேசுவது நாகரிகமாகாது.

மூன்றாவது, 'நீளமாக எழுதினால் யார் படிப்பார்கள்? பட்டாணி அடைக்கும், பேட்டரி எரிக்கும் என்று நாமே பயமுறுத்தினால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்' என்பது. படிக்காதவர்கள் உண்டு, அவர்கள் படத்தைப் பார்த்து வாங்குவார்கள், அதனால் எழுதியவருக்கு நஷ்டமில்லை. படிக்கிறவர்களில் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வாங்க வந்தவர் ஒருவர் விலகிப்போவது உண்மை. ஆனால் அந்த விற்பனை நடந்திருக்கவே கூடாத விற்பனை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு வாங்க வந்தவரோ, எண்ணிக்கையும் அளவும் தெளிவாக இருப்பதைக் கண்டு, பெட்டி வந்தபின் 'மேஜை எங்கே?' என்று சண்டைக்கு வராமல் வாங்கிப்போவார். திரும்பி வருகிற பெட்டிக்குக் கூரியர் கூலியைக் கொடுத்துப் பழகிய சிறு வியாபாரிக்கு இந்தக் கணக்கை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் விற்பவர்கள் பெட்டியையே கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். சில தயாரிப்பாளர்கள், கடுமையான சோதனைகளிலிருந்து தப்பும் உபாயமாக, கிலுகிலுப்பைக்கும் மெத்தென்ற கரடிக்கும்கூட 'மூன்று வயதுக்கு மேல்' என்று அச்சிட்டுவிடுகிறார்கள். கைக்குழந்தைக்கென்றே உருவான பொருள், லேபிளில் என்ன எழுதியிருந்தாலும், கைக்குழந்தைக்குரிய சோதனைக்கு உட்பட்டதாகவே கருதப்பட வேண்டும் என்பதுதான் தரத்தின் நோக்கம். அச்சிட்ட வயதும் பொருளின் சுபாவமும் இப்படி முரண்படும்போது, அந்தச் சரக்கை எடுக்காமல் விடுவதே விற்பவருக்கு அழகு. எடுத்துவிட்டால், அந்த முரண்பாட்டைச் சொல்லிவிட்டு விற்பது குறைந்தபட்ச யோக்கியதை.

ஆகவே முடிவாகச் சொல்வது இது. முத்திரை அவசியம், ஆனால் அது பாதிச் சாட்சி. எந்த வயதுக்கு, எந்தப் பொருளால், உள்ளே என்னென்ன என்னும் மூன்றையும் விற்பவர் தமிழில், எண்ணிக்கையோடும் அளவோடும் எழுதும்போதுதான் மறு பாதி பூர்த்தியாகிறது. விற்பவர்கள் இதைத் தாமாகச் செய்வார்கள் என்று காத்திருப்பதைவிட, வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்குவதே விரைவான வழி. பெட்டியின் வயதுக் குறிப்பு இருக்கும் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முத்திரையின் அருகில் CM/L என்று தொடங்கும் உரிம எண்ணை வாங்கி, BIS Care செயலியில் இட்டு, அது உயிரோடிருக்கும் உரிமந்தானா, விளையாட்டுச் சாமானுக்குத்தான் கொடுக்கப்பட்டதா என்று பாருங்கள். உள்ளே இருப்பவற்றின் பட்டியலை, ஸ்டிக்கரை நீக்கி எழுதித் தரச் சொல்லுங்கள். இம்மூன்றுக்கும் பதில் தருகிறவரிடம் வாங்குங்கள், 'ஐ.எஸ்.ஐ. இருக்கிறதே, அப்புறம் என்ன?' என்று திருப்பிக் கேட்கிறவரிடம் வாங்காதீர்கள்.